நாற்பது வாங்கும் நாற்பத்தெட்டுப் பொருளியலும்

எனக்குக் கோபம் கொஞ்சம் கூட. இதை நானே முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் சொல்லத் தேவையில்லை. கல்முனைப் பக்கத்தில் எங்கள் பாடசாலையில் கணித பாட ஆசிரியை கைருன்னிஸா என்றால், பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் வராந்தாவில் ஓடுவதை நிறுத்திவிட்டு நடப்பார்கள். என் கணவர் அதாவுல்லா அதே பாடசாலையில், பல்கலைக்கழக நுழைவுக்குப் படிக்கும் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிறார். அவரைக் கண்டால் ஓடுகிற பிள்ளை இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடும். அவ்வளவு நல்ல மனிதர்.

அந்த நல்ல மனிதரிடம்தான் ஒன்பது வருடமாகப் பரீட்சை ஃபைல், அதாவது பரீட்சை நடத்தும் பொறுப்பு, இருந்தது. அவருடைய முறை இலேசானது. இரண்டிரண்டு பேர் உட்காரும் வாங்குகள் போட்ட மண்டபத்துக்குள் பிள்ளைகளை விடுவார். அவரவர் பிரியப்பட்ட இடத்தில், பிரியப்பட்ட ஆளோடு இருப்பார்கள். தொண்ணூற்று ஆறாம் ஆண்டு முதலாம் தவணைப் பரீட்சையில் இதற்குச் சரியான அறுவடை கிடைத்தது. கேள்வியும் நிரம்பலும், அதாவது சந்தையில் தேவையும் வரத்தும், பற்றி ஓர் உதாரணம் எழுதச் சொல்லியிருந்தார். ஒரு பையன், "எனது வாப்பாவின் மீன்வாடியில் சூரை மீன் கூடுதலாக வந்த நாளில்" என்று தொடங்கி எழுதியிருந்தான். அவனுடைய வாப்பாவுக்கு உண்மையாகவே கடற்கரையில் மீன் விற்கும் வாடி இருக்கிறது. ஆனால் அதே வாடி, அதே சூரை, அதே "எனது வாப்பா" இன்னும் பத்து விடைத்தாள்களில் இருந்தது. அதில் ஒருவன் பள்ளிவாசல் மோதினாரின் மகன்.

அதிபர் நூஹு சேர் ஆசிரியர் கூட்டத்தில் அந்தப் பதினொரு தாள்களையும் ஒவ்வொன்றாக வாசித்தார். நாலாவது தாளிலேயே எல்லோரும் சிரித்து முடித்துவிட்டோம். பதினோராவது தாளில் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஓகஸ்டில உயர்தரச் சோதினை. இந்தப் புள்ளயளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்டு எங்களுக்கே தெரியாம அனுப்பப் போறமா? ஆராவது இந்த ஃபைலைப் பொறுப்பெடுங்க" என்றார்.

நான் எழும்பினேன்.

"நான் எடுக்கிறன் சேர். ஒரு வாங்கில ஒரே பாடம் எழுதுற ரெண்டு பேர் இருந்தா, அன்டைக்கே ஃபைலைத் திருப்பித் தந்துட்டு, இனி இந்தப் பக்கமே திரும்பிப் பாக்க மாட்டன்."

பாடசாலையில் அதுவரை எந்தப் பெண்ணுக்கும் அந்த ஃபைல் போனதில்லை. பின் கதிரையில் யாரோ "வீட்டுக்குள்ளேயே ஃபைல் கைமாறுது" என்று சொல்ல, மறுபடியும் சிரிப்பு. என் மனிதரும் சேர்ந்து சிரித்தார். எனக்கு அதுதான் பத்திக்கொண்டு வந்தது.

இரண்டாம் தவணைக்கு ஒரு கிழமை இருக்கும்போது, வீட்டில் சாப்பாட்டு மேசையில் பழைய கலண்டரின் பின்பக்கத்தை விரித்து, அடிமட்டம் வைத்துக் கீறத் தொடங்கினேன். உயர்தர இரண்டாம் வருடத்தில் எண்பது பிள்ளைகள். கலைப் பிரிவு நாற்பது, வர்த்தகம் இருபத்தாறு, விஞ்ஞானம் பதினாலு. மண்டபத்தில் ஐந்து வரிசை, வரிசைக்கு எட்டு வாங்கு, வாங்குக்கு இரண்டு பேர். நாற்பது வாங்கு, எண்பது இடம். கலைப்பிள்ளை ஒன்று, பக்கத்தில் வர்த்தகம் அல்லது விஞ்ஞானம் ஒன்று. இது யாருக்கும் வரும் யோசனை. ஆனால் எல்லா வாங்கிலும் கலைப்பிள்ளையை இடப்பக்கமே வைத்தால், முன்னால் இருப்பவனும் பின்னால் இருப்பவனும் ஒரே பாடமாகிவிடுவார்கள். ஆகவே முதல் வாங்கில் கலை இடப்பக்கம், இரண்டாம் வாங்கில் வலப்பக்கம், மூன்றில் மறுபடி இடப்பக்கம். தாம் பலகையில் கறுப்பும் வெள்ளையும் போல. இப்படி வைத்தால் பக்கத்திலும் முன்னுக்கும் பின்னுக்கும், நடைபாதைக்கு அந்தப் பக்கத்திலும்கூட வேறு பாடம்தான். மூலைக்கு மூலை மட்டும் ஒரே பாடம் வரும். அதைப் பார்த்து எழுத வேண்டுமென்றால் கழுத்தை நன்றாக நீட்ட வேண்டும். நீட்டுகிற கழுத்தைப் பார்க்கத்தானே மேற்பார்வைக்கு ஆள் போடுகிறோம்!

எங்கள் ஊரில் இன்னுமொரு விதி உண்டு. அது எந்தச் சுற்றுநிருபத்திலும் இல்லை. ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும் ஒரு வாங்கில் இருக்க முடியாது. அப்படி இருத்தினால் மறுநாள் காலை வாசலில் வாப்பாமார் நிற்பார்கள். ஆகவே முதல் இரண்டு வரிசை பெண்பிள்ளைகளுக்கு, மற்ற மூன்றும் ஆண்பிள்ளைகளுக்கு. அந்த வருடம் அல்லாஹ் எனக்கு இலேசாக்கித் தந்தான். பெண்பிள்ளைகளிலும் ஆண்பிள்ளைகளிலும் சரிபாதி கலைப் பிரிவாக விழுந்தது. சிவப்புப் பேனையால் கலை, நீலப் பேனையால் மற்றவை என்று பிள்ளைகளின் பரீட்சை எண்களை, சுட்டெண்களை, நிரப்பினேன். கடைசிக் கட்டத்தை நிரப்பியபோது எனக்கே என்மேல் ஓர் அன்பு வந்தது.

என் மனிதர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து தோளுக்கு மேலால் பார்த்தார்.

"வடிவா இரிக்கி" என்றார். பிறகு, "நிஸா, இதில ஒரு விசயம்..." என்று இழுத்தார்.

"ஃபைலைத் தந்தாச்சிதானே? மறுவா என்ன விசயம்? ஒம்போது வரிசமாத் தெரியாத விசயம் இப்பதான் தெரியுதாக்கும்!"

அவர் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாள் சோறு போடும்போது மறுபடி, "இல்ல, அந்த மூணாம் நாள்..." என்று தொடங்கினார். "மீன் ஆறுது, தின்னுங்க" என்றேன். அதோடு சரி, மனிதர் வாயே திறக்கவில்லை.

முதலாம் நாள் கலைப் பிரிவுக்குத் தமிழ், வர்த்தகத்துக்குக் கணக்கியல், விஞ்ஞானத்துக்குப் பௌதிகவியல். இரண்டாம் நாள் கலைக்கு இஸ்லாமிய நாகரிகம், வர்த்தகத்துக்கு வணிகம், விஞ்ஞானத்துக்கு இரசாயனவியல். மண்டபம் என்றால் மண்டபம்! மேற்கே இருந்து வரும் கச்சான் காற்று ஜன்னல் கம்பிக்குள்ளால் மணலைக் கொண்டுவந்து கொட்டுகிறது, பிள்ளைகள் விடைத்தாளை முழங்கையால் அமத்திக்கொண்டு எழுதுகிறார்கள், ஒரு தலையும் திரும்பவில்லை. திரும்பி என்ன பயன்? பக்கத்துத் தாளில் வரவுசெலவு இருக்கும். மீன்வாடிக்காரரின் மகனைச் சுற்றி வழக்கமாக இருக்கும் கூட்டம் நாலு திசைக்கும் சிதறிப்போய், பாவம், பேனையைக் கடித்துக்கொண்டு இருந்தது. அதிபர் இரண்டு தரம் வாசலில் வந்து நின்று, "மாஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வீட்டுக்குப் போகும்போது நிலத்தில் கால் படவில்லை.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குக் காரியாலயத்தில் வினாத்தாள் கட்டுகளை எண்ணினேன். பரீட்சை எட்டரைக்கு. அன்று வர்த்தகத்துக்குப் பொருளியல், விஞ்ஞானத்துக்கு விலங்கியல். கலைப் பிரிவுக்கு நேரசூசியில் "விருப்பப் பாடம்" என்று மட்டும் போட்டிருந்தது. எனக்கு உயர்தரம் படிப்பித்த பழக்கமில்லை. என் சிநேகிதி றாபியா கலை வகுப்புக்குப் புவியியல் எடுப்பது தெரியும். விருப்பப் பாடம் என்றால் புவியியல், முடிந்தது கதை என்று நினைத்திருந்தேன்.

புவியியல் கட்டைப் பிரித்தால் பதினெட்டுத் தாள்தான் இருக்கிறது.

"றாபியா! நாப்பது புள்ளைக்கிப் பதினெட்டுத் தாளா? தாள் அடிக்கிற றோனியோ மெசினுக்குச் சுகமில்லையா, உங்களுக்குச் சுகமில்லையா?"

றாபியா பதில் சொல்ல வாய் திறக்கும் முன் நான் பொருளியல் கட்டைப் பிரித்துவிட்டேன். நாற்பத்தெட்டு. வர்த்தகத்தில் இருப்பதே இருபத்தாறு பேர். என் மனிதர் மூலையில் நின்று கட்டுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்க, இது என்ன? இரிக்கிற கடதாசித் தட்டுப்பாட்டில இருவத்திரண்டு தாள் கூட அடிச்சிரிக்கிறீங்க! ஒராளுக்கு இருவத்திரண்டு குறைவு, ஒராளுக்கு இருவத்திரண்டு..."

அந்த இடத்தில் என் வாய் தானாக நின்றது. நான் கணித பாட ஆசிரியை. இரண்டு பக்கமும் ஒரே எண் வந்தால் அது பிழையல்ல, சமன்பாடு.

"ஓம்" என்றார் என் மனிதர், மெதுவாக. "கலைப் புள்ளயள் இருவத்திரண்டு பேர் விருப்பப் பாடமாப் பொருளியல்தான் எடுக்காங்க. பதினெட்டுப் பேர் புவியியல்."

பட்டியலை விரித்தேன். கட்டம் கட்டமாக விரலை ஓட்டினேன். நான் பிரிவு பார்த்துப் பிரித்திருந்தேன், பாடம் பார்த்துப் பிரிக்கவில்லை. சிவப்பும் நீலமும் பக்கத்தில் பக்கத்தில் வடிவாகத்தான் இருந்தன. ஆனால் இன்றைக்குப் பதினைந்து வாங்குகளில் சிவப்பும் பொருளியல், நீலமும் பொருளியல். ஒரே தாள், ஒரே கேள்வி, ஒரே வாங்கு. யா அல்லாஹ், நான் கூட்டத்தில் எழும்பி நின்று சொன்ன சொல்!

றாபியா கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "கத்தாதீங்க. கலை ஒரு பக்கம், வர்த்தகம் ஒரு பக்கம் என்டுதான் எல்லாரும் பாப்பாங்க. ரெண்டு நாளும் நல்லா நடந்தது. இன்டைக்கும் அப்புடியே விடுங்க. ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்" என்றேன். "பதினைஞ்சு வாங்கில இரிக்கிற முப்பது புள்ளைக்கித் தெரியும். மீன்வாடி மறுபடி திறக்கும்."

அழுகை வந்தது. அழ நேரமில்லாததால் அதைக் கோபமாக மாற்றி என் மனிதர் மேல் விட்டேன்.

"பட்டியலைப் பாத்த அன்டைக்கே உங்களுக்குத் தெரியும்! தெரிஞ்சும் ஒரு வார்த்த செல்லல்ல! நான் விழுந்து மூக்கு உடையிறதப் பாக்க அவ்வளவு ஆசையா?"

"ரெண்டு தரம் செல்ல வந்தன். முதல் தரம் ஃபைலைத் தந்தாச்சி என்டீங்க. ரெண்டாம் தரம் மீன் ஆறுது என்டீங்க" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "மூணாம் தரமும் செல்லியிருக்கலாம். கொஞ்சம் ரோசம் வந்திட்டு. அது என்ட பிழை" என்றார்.

அதற்குமேல் சண்டை பிடிக்க எனக்கு இடம் தரவில்லை அந்த மனிதர்.

"நேரம் ஏழு பத்து" என்றேன். "வாங்க."

மண்டபத்தில் கரும்பலகைக்கு முன்னால் நின்றோம். நான் வெண்கட்டியால் நாற்பது வாங்கையும் மறுபடி கீறினேன். இனிக் கலை, வர்த்தகம் என்ற பேச்சே இல்லை. பொருளியல் ஒரு நிறம், மற்ற எல்லாம் ஒரு நிறம். வாங்குக்கு ஒரு பொருளியல், இடமும் வலமும் மாறி மாறி. பக்கத்தில் புவியியல் அல்லது விலங்கியல். ஆனால் என் கையில் இருந்தது வெறும் சுட்டெண். எந்தச் சுட்டெண் எந்தப் பாடம் என்பது அவருடைய தலைக்குள் இருந்தது. பதிவேட்டைத் தேடவே இல்லை அவர்.

"முப்பத்தொண்டு, பொருளியல். முப்பத்திரண்டு புவியியல். முப்பத்திமூணும் முப்பத்திநாலும் பொருளியல். அதுகள் ரெண்டும் பெரியம்மா சின்னம்மா புள்ளயள், பாத்து வைங்க, கண்ணாலயே கதைக்கிற ஆக்கள்."

"ஒண்ட முதல் வரிசைக்கும் மத்தத ரெண்டாம் வரிசைக் கடைசிக்கும் போடுறன். செல்லுங்க அடுத்தது."

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பெண்பிள்ளைகள் பக்கம் பதினாறு வாங்கு நிரம்பியது, ஐந்து பேர் மிஞ்சினார்கள். ஆண்பிள்ளைகள் பக்கம் இருபத்திநாலும் நிரம்பியது, மூன்று பேர் மிஞ்சினார்கள். மிஞ்சாமல் இருக்க முடியாது. பொருளியல் நாற்பத்தெட்டு, வாங்கு நாற்பது. பலகையில் எட்டு இடம் காலியாகக் கிடந்தது. ஆனால் அந்த எட்டும் பொருளியலுக்குப் பக்கத்து இடங்கள். அங்கே வைத்தால் போட்ட வட்டத்துக்கே திரும்பி வருவேன்.

"இந்த எட்டுப் பேரையும் என்ன செய்யிற?" என்றார் என் மனிதர்.

"விஞ்ஞானகூடம்! எட்டுப் பெரிய மேசை. மேசைக்கு ஒராள்."

"சாவி கச்சிமுகம்மது சேர்ட்ட. போன வரிசம் ஒரு கண்ணாடிக் குழாய் உடைஞ்ச பிறகு அவர் ஒருத்தரையும் உள்ள விடுறல்ல."

"அத நான் பாத்துக்கிறன்."

கச்சிமுகம்மது சேர் சைக்கிளில் வாசலுக்குள் நுழையும்போதே முன்னால் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்தவர், நான் ஒன்றும் கேட்க முன்னமே கையை மேல் சட்டைப் பைக்குள் விட்டார். "கண்ணாடிச் சாமான் அலுமாரிக்குள்ள இரிக்கி டீச்சர். அதத் தொடாம இருந்தாச் சரி" என்றார். கோபக்காரி என்ற பெயருக்கும் ஒரு பிரயோசனம் உண்டு.

எட்டே கால். றாபியா பழைய சுட்டெண் துண்டுகளை உரித்துக்கொண்டே போக, நான் வாங்குகளில் வெண்கட்டியால் புதிய எண்களைப் போட்டுக்கொண்டு போனேன். எட்டு இருபத்தெட்டுக்குப் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். "டீச்சர், என்ட இடம் மாறியிரிக்கி!" என்று மீன்வாடிக்காரரின் மகன் கேட்டான். "வாங்குக்கு நாலு கால் இரிக்கி, ஆனா அது நடந்து போகல்ல. நம்பரத் தேடி இரு" என்றேன். பொருளியல் வினாத்தாளைத் தயாரித்தவர் அன்று மண்டபத்துக்குள் நிற்கக்கூடாது என்பது எங்கள் வழமை. ஆகவே என் மனிதர் வெளியே போனார். போகும்போது அவருடைய வெள்ளைச் சட்டை முழுக்க வெண்கட்டித் தூள். மற்ற ஆசிரியர்கள் மண்டபத்தில் மேற்பார்வைக்கு நிற்க, நான் விஞ்ஞானகூடத்தில் எட்டுப் பேருக்குக் காவல் நின்றேன்.

இடைவேளையில் ஆசிரியர் அறைக்கு நேரே போனேன். எல்லோரும் இருந்தார்கள். ஃபைலை அதிபருக்கு முன்னால் வைத்தேன்.

"சேர், என்ட பட்டியல் பிழை. நான் பிரிவைப் பாத்தன், பாடத்தைப் பாக்கல்ல. காலையில மாத்தாட்டி பதினைஞ்சு வாங்கில ஒரே பாடம் இருந்திருக்கும். ஃபைல் இந்தாங்க."

நூஹு சேர் ஃபைலைத் தொடவில்லை. "எட்டரைக்கு எத்தின வாங்கில ஒரே பாடம் இருந்த?"

"ஒண்டுலயும் இல்ல. ஆனா..."

"அதுக்கு நான் சாட்சி சேர்" என்று என் மனிதர் கதவடியிலிருந்து சொன்னார். "ஒரு கிழமைக்கி முன்னமே பிழையக் கண்டவன் நான். வாயத் துறக்கல்ல. ஃபைலைப் பறிக்கிற என்டா, பாதியத்தான் இவட்ட இருந்து பறிக்கலாம். மத்தப் பாதி என்ட குத்தம்."

யாரும் சிரிக்கவில்லை. ஒன்பது வருடம் தன் கையில் இருந்ததைத் திரும்ப எடுக்க அவருக்கு ஒரு சொல் போதுமாக இருந்தது. அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அந்த மனிதர் மேல் எனக்கு வந்த பிரியத்தை ஆசிரியர் அறையில் வைத்துச் சொல்ல முடியாது, ஆகவே தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடித்தேன்.

"பாதி பாதியா ஃபைலைக் கிழிக்க ஏலா" என்றார் அதிபர். "டீச்சர் வெச்சிக்கொள்ளட்டும். இனி ஒவ்வொரு பாட ஆசிரியரும் தன்ட பாடம் எழுதுற புள்ளயள்ட சுட்டெண்ணத் தந்த பிறகுதான் பட்டியல் கீறணும். சரியா?"

சரி என்றோம். யாரோ பின் கதிரையிலிருந்து, "அப்ப ஃபைல் வீட்டுக்குள்ளதான் சுத்தும்" என்றார்கள். இந்தத் தரம் நானும் சிரித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு, என் மனிதர் நாற்பத்தெட்டு விடைத்தாள்களையும் மேசையில் பரப்பினார். போன தவணைக் கேள்வியையே வேண்டுமென்று மறுபடி போட்டிருந்தார். கேள்வியும் நிரம்பலும், ஓர் உதாரணம். நான் கீரை ஆய்ந்துகொண்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது தாளுக்கு மேல் போயிருக்கும், மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கத் தொடங்கினார்.

"என்ன, மறுபடியும் மீன்வாடியா?" கையிலிருந்த கீரையை வைத்துவிட்டேன்.

"மீன்வாடி ஒண்டுதான் இரிக்கி. சொந்தக்காரன்ட தாள்ல. இந்தா, இவன் வயல் வட்டையில நெல்லு விலை விழுந்ததை எழுதியிரிக்கான். இவ உம்மாட தையல் மெசின். இவன் தலகீழாப் பிழையா எழுதியிரிக்கான், ஆனா சொந்தப் பிழை. மோதினார்ட மகன் நோம்பு காலத்துப் பேரீச்சம்பழத்துக்கு எழுதியிரிக்கான், முழுப் புள்ளி போடலாம். வாப்பாமார் எல்லாம் தங்கட தங்கட தொழிலுக்குத் திரும்பிட்டாங்க, நிஸா!"

நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் தாள்கள் கீழே விழுந்தன. பொறுக்கிக் கொடுத்தேன்.

மூன்றாம் தவணைக்கு, உயர்தர முதலாம் வருடப் பிள்ளைகளுக்காகப் புதுக் கலண்டர்த் தாளை விரித்து, பாடவாரியாகச் சுட்டெண்களை வாங்கி வைத்துக்கொண்டு, புதிய பட்டியல் கீறினேன். கீறி முடித்ததும் நானே தேத்தண்ணி ஊற்றி, பட்டியலையும் அவருக்கு முன்னால் வைத்தேன். கையைக் கட்டிக்கொண்டு எதிரில் இருந்தேன். வாயை இறுக்க மூடிக்கொண்டேன். அவர் பார்த்தார். நேரமெடுத்துப் பார்த்தார். அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்ததை ஊரில் யாரும் நம்பமாட்டார்கள்.

"வடிவா இரிக்கி" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் பயத்தோடு, "நிஸா, இதில ஒரு விசயம்..."

"செல்லுங்க, கேக்கிறன்" என்றேன்.

மறுநாள் மண்டபக் கதவில் ஒட்டிய பட்டியலின் அடியில், என் கையெழுத்தில் இரண்டு வரி இருந்தது. தயாரித்தவர்: கைருன்னிஸா. பிழை பார்த்தவர்: அதாவுல்லா.